இயந்திரக் குரலுக்கு வினாத்தாள் எழுதுதல்

தரம் 11இல் பயிலும் மாணவி ஒருத்தி. அவளுக்குக் கண்பார்வை இல்லை. ஏனைய மாணவர் அச்சிட்ட வரலாற்றுப் பயிற்சி வினாத்தாளைக் கையிற் கொண்டு எழுதுகையில், அவள் அதே வினாத்தாளைக் காதிற் கேட்டு விடையளிக்க வேண்டியவளாகின்றாள். வகுப்பாசிரியை வினாத்தாளைக் கணினியிலிட்டு, எழுத்தைப் பேச்சாக மாற்றும் இயந்திரக் குரலொன்றினால் வாசிக்கச் செய்து, அந்த ஒலிப்பதிவை மாணவியிடம் கொடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வினா அச்சில் இவ்வாறு அமைந்திருக்கின்றது:

"12. 1450இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள் பின்னர் கோட்டையின் மன்னனானான். பின்வருவோருள் கோட்டையை ஆண்டவர் அல்லாதவர் யார்? (அ) VI ஆம் பராக்கிரமபாகு (ஆ) VI ஆம் புவனேகபாகு (இ) தர்மபாலன் (ஈ) முதலாம் விமலதர்மசூரியன்."

'அல்லாதவர்' என்னுஞ் சொல் அச்சில் தடித்த எழுத்தில் உள்ளது. அதன் கீழே கோடும் இடப்பட்டுள்ளது. விடை எளியது. முதலாம் விமலதர்மசூரியன் கண்டியை ஆண்டவன். ஏனைய மூவரும் கோட்டையின் மன்னர். பாடத்தைப் படித்த எந்த மாணவரும் இவ்வினாவிற்குப் புள்ளி பெறலாம்.

இனி, இயந்திரக் குரல் வாசிப்பதைக் கேட்கலாம். "பன்னிரண்டு ஆயிரத்து நானூற்று ஐம்பது இல்" என்று அது தொடங்குகின்றது. வினாவின் இலக்கமும் ஆண்டும் ஒட்டிக்கொண்டு, செவிக்குப் பன்னீராயிரத்து நானூற்று ஐம்பது என்பது போன்ற ஏதோ ஒரு தொகையாகத் தோன்றுகின்றது. 'அல்லாதவர்' என்ற சொல்லுக்கு எவ்வித அழுத்தமுமில்லை. தடித்த எழுத்தும் அடிக்கோடும் குரலுக்குத் தெரியமாட்டா. 'VI ஆம்' என்பது "வீ ஐ ஆம்" என ஆங்கில எழுத்துக்களாக ஒலிக்கின்றது. அடைப்புக்குறிக்குள் உள்ள 'அ' என்பதும் 'ஆ' என்பதும் தனித்து நிற்கையிற் பிரித்தறிய முடியாதபடி கேட்கின்றன. 'இ', 'ஈ' ஆகியவற்றின் நிலையும் அதுவே. நான்கு விடைகளும் மூச்சுவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடுகின்றன. மாணவி விடையைத் தவறவிட்டாளாயின், அது வரலாறு அறியாமையால் நேர்ந்ததன்று. வினாத்தாளை எழுதிய முறையால் நேர்ந்தது. விடைத்தாளைத் திருத்துபவருக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

இக்குறை குரலின் குறை மட்டுமன்று. கண்ணுக்கென எழுதப்பட்ட எழுத்தைச் செவிக்கென மாற்றாமல் அப்படியே கொடுத்ததனால் விளைந்த குறை அது. அதனைத் திருத்தும் முறை யாதென்பதை இந்த ஒரு வினாவைக் கொண்டே முழுமையாகக் காணலாம்.

முதற்கண், இயந்திரம் வாசிக்கும் வழியைச் சிறிது அறிதல் வேண்டும். 1939ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி என்பார் அமைத்த 'வோடர்' என்னும் பேசும் பொறி காட்சிக்கு வைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பெண்ணொருத்தி அதன் முன் அமர்ந்து, விரல்களாற் கட்டைகளை அழுத்தியும், கால்மிதியினாற் குரலின் ஏற்ற இறக்கத்தை அமைத்தும், வாத்தியம் வாசிப்பது போல அதனைப் பேசவைத்தாள். எங்கே நிறுத்துவது, எதனை நீட்டுவது, எச்சொல்லை உயர்த்துவது என்பனவெல்லாம் அவளுடைய தீர்மானங்களாகவே இருந்தன. இன்றைய இயந்திரக் குரலின் முன் அப்படி ஒருவரும் அமர்ந்திருப்பதில்லை. அத்தீர்மானங்களை இயந்திரம் எழுத்தைப் பார்த்துத் தானே செய்துகொள்கின்றது. முதலில் இலக்கங்களையும் சுருக்கக் குறியீடுகளையும் சொற்களாக விரிக்கின்றது. பின்பு எழுத்துக்களுக்குரிய ஒலிகளைத் தெரிகின்றது. அதன்பின் நிறுத்தத்தையும் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் ஊகிக்கின்றது. ஈற்றில் ஒலியை ஆக்குகின்றது. மேலே கண்ட பிழைகள் யாவும் இவற்றுள் முதல் மூன்று படிகளிலேயே நேர்ந்தவை. அம்மூன்று படிகளிலும் எழுதுபவர் கைவைக்க இயலும் என்பதே இங்கு அறிய வேண்டுவது.

அவ்வாறு கைவைப்பதற்கென ஒரு குறிமொழி வகுக்கப்பட்டிருக்கின்றது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2004ஆம் ஆண்டிற் பரிந்துரையாக வெளியிட்டு, 2010ஆம் ஆண்டிற் புதுக்கிய அக்குறிமொழிக்குச் சுருக்கப் பெயர் SSML என்பதாகும். வாசிக்கவேண்டிய எழுத்தின் இடையிடையே கோண அடைப்புக்குள் சிறு கட்டளைகளை இடுவதே அதன் முறை. கட்டளைகள் ஒலிப்பதில்லை, ஒலிக்கும் முறையை மட்டும் மாற்றுகின்றன. இலங்கைத் தமிழுக்கென அமைந்த இயந்திரக் குரல்களும் இன்று உள்ளன. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் குரல்களுள் ta-LK-SaranyaNeural என்னும் பெண்குரலும், ta-LK-KumarNeural என்னும் ஆண்குரலும் அத்தகையன. இங்கே முன்னையதை எடுத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

முதற்படி இலக்கங்களை விரித்தலாகும். தமிழில் இது பிற மொழிகளிலும் பார்க்கச் சிக்கல் மிகுந்தது. ஆங்கிலத்தில் ஆண்டின் முன்னே ஒரு சொல் தனித்து நிற்கும். தமிழிலோ வேற்றுமை உருபு இலக்கத்தோடு ஒட்டி நிற்கின்றது. '1450இல்' என்பதைக் காணும் இயந்திரம் '1450' என்பதை "ஆயிரத்து நானூற்று ஐம்பது" என விரித்து, 'இல்' என்பதைத் தனியே சொல்கின்றது. மனிதரோ "ஐம்பதில்" என்று புணர்த்தியோ, "ஐம்பதாம் ஆண்டில்" என்று விரித்தோ வாசிப்பர். ஆகவே இலக்கத்தை மாத்திரம் திருத்தினாற் போதாது. இலக்கத்தையும் அதனோடு ஒட்டிய உருபையும் ஒருசேரப் பிடித்து, அவற்றுக்குப் பதிலாக வாசிக்கவேண்டிய சொற்களைக் கொடுத்தல் வேண்டும். அதற்குரிய கட்டளை sub எனப்படும். அச்சில் உள்ளதை அப்படியே வைத்துக்கொண்டு, வாசிப்பில் வேறொன்றை ஒலிக்கச் செய்வது அதன் தொழில்.

```
<sub alias="ஆயிரத்து நானூற்று ஐம்பதாம் ஆண்டில்">1450இல்</sub>
<sub alias="ஆறாம்">VI ஆம்</sub>
```

இவ்வாறே 'க.பொ.த.' என்பதற்குக் 'கல்விப் பொதுத் தராதரப் பத்திரம்' என்றும், 'பி.ப. 2.30' என்பதற்குப் 'பிற்பகல் இரண்டு மணி முப்பது நிமிடம்' என்றும் கொடுக்கலாம். சுருக்கக் குறியீட்டில் உள்ள புள்ளிகளுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. இயந்திரம் அவற்றை முற்றுப்புள்ளியென மயங்கி, வாக்கியம் முடிந்தது போலக் குரலைத் தாழ்த்தி நிறுத்திவிடும். நாள்களை 1815.03.02 என எழுதும் வழக்கமும் அத்தகையதே. கண்டி ஒப்பந்தம் நிகழ்ந்த நாளாகிய இது, "ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து புள்ளி பூச்சியம் மூன்று" எனத் தசமமாக ஒலிக்கக்கூடும்.

இத்தகைய நாள்களுக்கும் இலக்கங்களுக்குமென say-as என்று வேறொரு கட்டளையும் உண்டு. இது நாள், இது தொலைபேசி இலக்கம் என்று வகையைச் சொல்லிவிட்டால், விரிக்கும் பொறுப்பை இயந்திரமே ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் கருத்து. ஆயினும் அவ்வகைகளின் பெயர்களைப் பரிந்துரை அறுதியிட்டுக் கூறவில்லை. ஒவ்வோர் இயந்திரமும் தனக்கு இயன்றவற்றையே ஏற்கின்றது. ஒரு மொழியில் ஏற்றதை அதே இயந்திரம் மற்றொரு மொழியில் ஏற்காமலும் விடலாம். ஆதலின் தமிழில் எழுதுபவர், சொற்களை முழுமையாகத் தாமே எழுதிக் கொடுத்தலே பாதுகாப்பானது. சொல்லாக எழுதியதை எந்த இயந்திரமும் நாளா, தசமமா என்று ஐயுறாது.

அடுத்தது நிறுத்தம். நிறுத்தக் குறிகளே இயந்திரம் அறிந்த முதற் கட்டளைகள். காற்புள்ளியைக் கண்டால் அது சிறிது நின்று, பேச்சு இன்னும் முடியவில்லை என்பது தோன்றக் குரலை அமைக்கின்றது. முற்றுப்புள்ளியைக் கண்டால் குரலைத் தாழ்த்தி, முன்னையதிலும் நீண்ட நேரம் நிற்கின்றது. வினாக்குறியைக் கண்டால் குரலின் போக்கை வேறாக அமைக்க முயல்கின்றது. தமிழில் 'யார்', 'எது' என்னும் வினாச்சொற்களே வினாவைக் காட்டுவதால், இதில் தவறினும் பெருந்தீங்கில்லை. அடைப்புக்குறி, இணைகோடு, தொடர்புள்ளி என்பன நம்பத்தக்கன அல்ல. ஓர் இயந்திரம் அவற்றில் நிற்கும்; மற்றொன்று அவற்றைக் காணாததுபோல் ஓடிவிடும். எனவே, அடைப்புக்குள் இட்ட செய்தியை வெளியே எடுத்துத் தனி வாக்கியமாக்குதல் நன்று.

குறிகளால் இயலாதவிடத்து break என்னுங் கட்டளை உதவுகின்றது. நிற்கவேண்டிய நேரத்தை மில்லிசெக்கன் கணக்கில் அதனுட் குறிக்கலாம். 1000 மில்லிசெக்கன் ஒரு செக்கனாகும். இக்கட்டளை காற்புள்ளிக்கு நிகரானதன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். காற்புள்ளி நிறுத்தத்தோடு குரலின் போக்கையும் மாற்றும். Break என்பது முதன்மையாக மௌனத்தையே இடையிற் புகுத்தும். ஆகவே இலக்கண முறைப்படி காற்புள்ளி வரத்தக்க இடத்திற் காற்புள்ளியையே இட்டு, அது வரத்தகாத இடத்தில் மாத்திரம் இக்கட்டளையை இடுதல் முறையாகும்.

காற்புள்ளி வரத்தகாத இடத்திலும் நிறுத்தம் வேண்டப்படுவது எப்போது? பின்வரும் வினாவை எடுத்துக்கொள்வோம். "போரில் தோற்ற மன்னனின் தம்பி எங்கே சென்றான்?" போரில் தோற்றவன் மன்னனா, தம்பியா? அச்சில் இரண்டு பொருளும் கொள்ளலாம். நேரில் வாசிக்கும் ஆசிரியர் தம்மை அறியாமலே ஒரு பொருளைத் தெரிந்து வாசித்துவிடுவார். தோற்றவன் மன்னனாயின் "தோற்ற மன்னனின்" என ஒரே மூச்சிற் கூறிச் சிறிது நிறுத்தித் "தம்பி" என்பார். தோற்றவன் தம்பியாயின் "போரில் தோற்ற" என நிறுத்தி, "மன்னனின் தம்பி" என்பதை ஒன்றாகக் கூறுவார். இயந்திரமோ பொருளை நோக்காது, பெரும்பாலும் நான்கு சொற்களையும் ஒரே ஓட்டமாகக் கூறிவிடும். அல்லது தான் விரும்பிய இடத்தில் நின்றுவிடும். எழுதுபவர் கருதிய பொருளை நிறுத்தம் ஒன்றினாலேயே நிலைநாட்டலாம்.

```
போரில் தோற்ற <break time="250ms"/> மன்னனின் தம்பி எங்கே சென்றான்?
போரில் தோற்ற மன்னனின் <break time="250ms"/> தம்பி எங்கே சென்றான்?
```

கால் செக்கன் மௌனம் ஒரு வாக்கியத்தின் பொருளை இவ்வாறு மாற்றிவிடுகின்றது. ஆனால் இவ்விடத்தில் எழுதுபவர் இன்னொரு நேர்மையையும் பேணல் வேண்டும். அச்சுத்தாளை வாசிக்கும் மாணவருக்கு ஐயத்தை விட்டுவைத்து, கேட்கும் மாணவிக்கு மட்டும் ஐயத்தை நீக்குதல் முறையன்று. கேட்கும் தாளை ஆக்குகையில் இத்தகைய ஐயம் வெளிப்படுமாயின், வாக்கியத்தையே மாற்றி, இரு சாராருக்கும் ஒரே தெளிவைக் கொடுத்தலே தக்கது. "போரில் மன்னன் தோற்றபின் அவன் தம்பி எங்கே சென்றான்?" என எழுதினால் எக்கட்டளையும் வேண்டியதில்லை. சொல்லை மாற்றும் உரிமை இல்லாதவிடத்துக்கே கட்டளை உரியது.

பன்னிரண்டாம் வினாவின் 'அல்லாதவர்' என்னுஞ் சொல்லுக்கும் இதுவே வழி. அழுத்தத்திற்கென emphasis என்னுங் கட்டளை குறிமொழியில் உண்டு. ஆனால் அதனை எல்லாக் குரல்களும் ஏற்பதில்லை. ஏற்காத குரல் பிழையெதுவுங் கூறாது, கட்டளையைக் கண்டும் காணாததுபோல் வாசித்துச் செல்லும். எழுதியவர் அழுத்தம் விழுந்துவிட்டதென்று நம்பியிருப்பார். மாணவியோ அதனைக் கேட்டிருக்கமாட்டாள். 'ஆண்டவர்' என்ற சொல்லுக்குப்பின் நிறுத்தம் வைப்பதும் இங்கே ஆபத்தானது. "கோட்டையை ஆண்டவர்" என்று கேட்டவள் வினா அதுவேயெனக் கொண்டுவிடுவாள். ஆசிரியை தாமே ஆக்கிய பயிற்சித்தாளாதலின், இரு படிகளிலும் சொற்களை மாற்றிவிடுகின்றார். "பின்வருவோருள் ஒருவர் மட்டும் கோட்டையை ஆளவில்லை. அவர் யார்?" தடித்த எழுத்துச் செய்த வேலையை இப்போது ஒரு முழு வாக்கியம் செய்கின்றது.

மூன்றாவது வேகம். அதற்குரிய கட்டளை prosody என்பது; அதனுள் rate என வேகத்தைக் குறிக்கலாம். பார்வையற்றோருக்கென எழுதத் தொடங்கும் பலர், இரக்க உணர்ச்சியினால் வினாத்தாள் முழுவதையும் மெதுவாக வாசிக்கச் செய்கின்றனர். இது பெரும்பாலும் இடையூறாகவே முடிகின்றது. திரைவாசிப்பான்களை நாள்தோறும் கேட்டுப் பழகியோர் சாதாரண பேச்சிலும் மிக விரைவான வாசிப்பைத் தெளிவாக விளங்கிக்கொள்வர். முழுத்தாளையும் மெதுவாக்கினால் அவர்தம் பரீட்சை நேரம் வீணாகும். வேகத்தை வெகுவாகக் குறைத்தால் உயிரொலிகள் இழுபட்டுச் சொற்கள் உருக்குலையும். பொது வேகத்தைக் கேட்பவரின் கருவியிலே விட்டுவிட்டு, முதன்முறை கேட்கும் பெயர்களையும் எழுதிக்கொள்ளவேண்டிய இலக்கங்களையும் மட்டும் பத்து, பதினைந்து வீதம் மெதுவாக்குதல் போதுமானது.

இவ்விடத்தில் ஒரு பொறி மறைந்திருக்கின்றது. 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, வேகத்தை 90% என எழுதினால் இயல்பான வேகத்தின் பத்தில் ஒன்பது பங்கு என்பது பொருள். 100% என்பது மாற்றமின்மை. வேறு சில இயந்திரங்களிலோ வீதம் என்பது கூட்டவேண்டிய அல்லது குறைக்கவேண்டிய அளவைக் குறிக்கும். அவற்றில் 90% என எழுதியது, தொண்ணூறு வீதம் விரைவாக்குக எனக் கொள்ளப்பட்டு, குரல் ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் ஓடும். அங்கே பத்து வீதம் குறைத்தலை -10% எனக் கழித்தற்குறியோடு எழுதுதல் வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு எழுதிய தாளை மற்றோர் இயந்திரத்துக்கு மாற்றுகையில் முதலிற் சோதிக்க வேண்டியது இதுவே. மெதுவாக வரவேண்டிய பெயர் மட்டும் திடீரென விரைந்து ஓடுமானால், காரணம் இதுவென உடனே கண்டுகொள்ளலாம்.

நான்காவது உச்சரிப்பு. தமிழ் எழுத்து ஓரெழுத்திற்குப் பல ஒலிகளை ஏற்றுக்கொள்வது. 'ப' என்பது சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்தின் பின்னும் இரு உயிர்களுக்கிடையிலும் மெலிந்து ஒலிக்கும். இவ்விதியைக் கொண்டு தமிழ்ச் சொற்களைப் பெரும்பாலும் பிழையின்றி வாசிக்கலாம். பிறமொழிப் பெயர்களிலோ விதி பாதி வழியிற் கைவிட்டுவிடும். பன்னிரண்டாம் வினாவில் உள்ள இரு மன்னர் பெயர்களும் அதற்கு நல்ல சான்றுகள். 'பராக்கிரமபாகு' என்பதன் முதற் பகரம் வன்மையானது. இரண்டாம் பகரம் உயிர்களுக்கிடையே நின்று மெலிகின்றது. விதியும் வழக்கும் ஒத்துச் செல்கின்றன. 'புவனேகபாகு' என்பதிலோ முதலில் நிற்கும் பகரமே மெலிந்து ஒலித்தல் வேண்டும். விதிப்படி வாசிக்கும் இயந்திரம் அதனை வன்மையாக ஒலித்துவிடும். இரு பெயர்களின் ஈற்றிலும் உள்ள 'கு' என்பது 'ஹு' என ஒலிக்கவேண்டியது. மனிதக் குரலின் பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்ட புதிய இயந்திரங்கள் 'பஸ்', 'புத்தர்' போன்ற வழக்கச் சொற்களைச் செம்மையாகவே ஒலிக்கின்றன. அருகி வரும் பெயர்களிலேதான் அவை தடுமாறுகின்றன. வரலாற்று வினாத்தாளிலோ அருகி வரும் பெயர்களே மிகுதி.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எளிய வழி முன்பு கண்ட sub கட்டளையையே கொண்டு 'புவனேகபாஹு' எனக் கிரந்த எழுத்தைப் பெய்து கொடுத்தல். இது ஈற்றைத் திருத்திவிடும். முதலெழுத்தைத் திருத்தாது, மெலிந்த பகரத்துக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை ஆதலின். முழுமையாகத் திருத்துவதற்கு phoneme என்னுங் கட்டளை வேண்டும். அனைத்துலக ஒலியெழுத்துக்களில் உச்சரிப்பை வரைந்து கொடுப்பது அது.

```
<phoneme alphabet="ipa" ph="buʋaneːkabaːhu">புவனேகபாகு</phoneme>
```

இதனிடையே உள்ள முக்காற்புள்ளி போன்ற குறி, அதற்கு முன்னுள்ள உயிர் நெடில் என்பதைக் காட்டுகின்றது. அதற்குப் பதிலாக விசைப்பலகையிலுள்ள சாதாரண முக்காற்புள்ளியை இட்டால் இயந்திரம் அதனை அறிந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், ஒரு குரல் ஒலியெழுத்துக்களை ஏற்குமா, ஏற்பின் எவ்வொலிகளை ஏற்கும் என்பது குரலுக்குக் குரல் வேறுபடும். கட்டளையை இட்டும் ஒலியில் மாற்றமெதுவுங் கேட்கவில்லையெனின், அக்குரல் அதனை ஏற்கவில்லை என்று தெளிந்து, எளிய வழிக்குத் திரும்புதல் வேண்டும். அடிக்கடி வரும் பெயர்களை ஒவ்வோரிடத்திலும் திருத்துவது சலிப்பூட்டுவது மட்டுமன்றி, ஓரிடத்திற் கைதவறவும் இடந்தரும். அவற்றுக்கென ஓர் உச்சரிப்பு அகராதியைத் தனிக்கோப்பாக ஆக்கி, lexicon என்னுங் கட்டளையால் இணைத்துவிடலாம். அதற்குரிய அமைப்பும் 2008ஆம் ஆண்டிற் பரிந்துரையாக வெளிவந்தது. ஆயினும் இதனை ஏற்பதும் இயந்திரத்தைப் பொறுத்ததே.

இனிப் பன்னிரண்டாம் வினாவைச் செவிக்கென எழுதி முடிக்கலாம். வினாவின் இலக்கத்தைத் தனி வாக்கியமாக்கி, அதன்பின் ஒரு செக்கன் நிறுத்தினால் ஆண்டோடு அது ஒட்டாது. விடைகளின் 'அ', 'ஆ' என்னும் எழுத்துக்களை ஒன்று, இரண்டு என இரு படிகளிலும் மாற்றிவிட்டால் குறிலையும் நெடிலையும் செவி பிரித்தறிய வேண்டிய தேவையே எழாது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் முக்காற் செக்கன் நிறுத்தம் அதனை மனத்திற் பதித்துக்கொள்ளப் போதுமானது.

```
<speak version="1.0" xmlns="http://www.w3.org/2001/10/synthesis" xml:lang="ta-LK">
<voice name="ta-LK-SaranyaNeural">
<s>வினா பன்னிரண்டு.</s> <break time="1s"/>
<s><sub alias="ஆயிரத்து நானூற்று ஐம்பதாம் ஆண்டில்">1450இல்</sub> யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாள் பின்னர் கோட்டையின் மன்னனானான்.</s>
<s>பின்வருவோருள் ஒருவர் மட்டும் கோட்டையை ஆளவில்லை.</s>
<s>அவர் யார்?</s> <break time="1s"/>
<s>விடை ஒன்று, <prosody rate="-10%"><sub alias="ஆறாம் பராக்கிரமபாஹு">VI ஆம் பராக்கிரமபாகு</sub></prosody>.</s> <break time="750ms"/>
<s>விடை இரண்டு, <prosody rate="-10%"><sub alias="ஆறாம் புவனேகபாஹு">VI ஆம் புவனேகபாகு</sub></prosody>.</s> <break time="750ms"/>
<s>விடை மூன்று, தர்மபாலன்.</s> <break time="750ms"/>
<s>விடை நான்கு, முதலாம் விமலதர்மசூரியன்.</s>
</voice>
</speak>
```

இதில் s என்பது ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுவது. விடையெழுதும் நேரத்தை மௌனமாக இதனுட் சேர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் அரை நிமிடத்தில் விடையளிப்பர். மற்றவர் இரண்டு நிமிடம் எண்ணுவர். எனவே ஒவ்வொரு வினாவையும் தனித்தனி ஒலிக்கோப்பாக்கி, நிறுத்தவும் மீண்டும் கேட்கவும் மாணவிக்கு வசதி செய்தலே சாலச் சிறந்தது.

எழுதும்போது நேரும் பிழைகளுள் இரண்டைக் குறிப்பிடல் வேண்டும். சொற்செயலியில் தட்டெழுதினால், நேரான மேற்கோட்குறிகள் தாமாகவே வளைந்த குறிகளாக மாறிவிடுவதுண்டு. கண்ணுக்கு அவை அழகாகவே தோன்றும். இயந்திரமோ அவற்றை மேற்கோட்குறியென ஏற்காது, தாள் முழுவதையும் நிராகரித்துவிடும். எளிய எழுத்துக்கோப்பில் தட்டெழுதினால் இத்தொல்லை இல்லை. மற்றையது, திறந்த கட்டளையை மூட மறத்தல். மூடாத கட்டளை ஒன்று இருந்தாலும் வாசிப்புத் தொடங்காது. இவற்றுக்கு மாறாக, குரல் கட்டளைகளின் ஆங்கிலச் சொற்களையே உரக்க வாசிக்கத் தொடங்குமானால், தாள் குறிமொழியாக அன்றி வெறும் எழுத்தாக இயந்திரத்துக்கு அனுப்பப்பட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இப்பிழைகள் யாவும் தம்மைத் தாமே காட்டிக்கொடுப்பவை. காட்டிக்கொடாத பிழைகளே கொடியவை. எழுதியவர் தாளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேட்டால் அவற்றை ஒருபோதும் காணார். கண் அறிந்ததைச் செவி கேட்டதாகவே மனம் கொண்டுவிடும். ஆதலால் தாளைப் பார்த்திராத மற்றோர் ஆசிரியரை அழைத்து, ஒலிப்பதிவை ஒரேயொரு முறை ஓடவிட்டு, கேட்டதைச் சொல்வதெழுதுதல் போல எழுதச் செய்தல் வேண்டும். எழுதியதை அச்சுத்தாளோடு ஒப்புநோக்குகையில் எங்கெங்கே வேறுபாடு உண்டோ, அங்கங்கே குறிமொழி திருத்தப்படவேண்டும். முதற் பதிவைக் கேட்பவர் '12,450இல்' என எழுதக்கூடும். 'ஆறாம்' என்பது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெற்றிடம் விடக்கூடும். திருத்திய பதிவைக் கேட்டு இன்னொருவர் எழுதினால், அத்திருத்தங்கள் பலித்தனவா என்பது புலப்படும். முன்னரே கேட்டவரை மீண்டும் அமர்த்துவதிற் பயனில்லை. அவர் இப்போது விடையை அறிவார்.

குரல்களை ஆக்குவோர் அவற்றைக் காலத்துக்குக் காலம் புதுக்குவதால், சென்ற ஆண்டு செம்மையாக ஒலித்த தாள் இவ்வாண்டு அவ்வாறே ஒலிக்குமென்று கொள்ளலாகாது. பரீட்சைக்கென ஆக்கிய ஒலிப்பதிவையும் அதன் எழுத்துக்கோப்பையும் ஒருங்கே பேணி வைத்து, மீண்டும் ஒலியாக்க நேரும்போது மேற்கண்ட சோதனையையும் மீண்டும் செய்தல் வேண்டும்.

ஐம்பது வினாக்கள் கொண்ட தாளொன்றை இம்முறையில் ஆக்குவதற்கு முதன்முறை பல மாலைப்பொழுதுகள் செலவாகலாம். பெயர்களின் அகராதியும் விடைகளின் அமைப்பும் ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த தாள் அத்துணை நேரங் கொள்ளாது. அம்மாணவி பன்னிரண்டாம் வினாவைக் கேட்டு, சிறிது எண்ணி, "நான்கு" என விடையெழுதும்போது, அவளுடைய புள்ளி அவள் அறிந்த வரலாற்றுக்கே உரியதாகும். அவள் பிழையாக எழுதினாலும் அதுவும் அவளுடைய பிழையே. ஆசிரியை அதனைக் கொண்டு, அவளுக்கு எப்பாடத்தை மீண்டும் கற்பிக்க வேண்டுமென அறிந்துகொள்ளலாம்.